முக்கோணத்தின் பக்கங்களில் சதுரங்கள்: கலப்பெண்களைக் கொண்டு நிறுவுவது எப்படி?

ஏதோ ஒரு முக்கோணம் ABC. அதன் மூன்று பக்கங்களிலும் வெளிப்புறமாக ஒவ்வொரு சதுரம் வரையுங்கள். பிதாகரஸ் தேற்றத்துக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம்தான் இது, ஆனால் இங்கே செங்கோணம் தேவையில்லை. BC மேல் உள்ள சதுரத்தின் மையம் P, CA மேல் உள்ளதன் மையம் Q, AB மேல் உள்ளதன் மையம் R என்று குறித்துக்கொள்வோம். இப்போது A-யிலிருந்து P-க்கு, B-யிலிருந்து Q-க்கு, C-யிலிருந்து R-க்குக் கோடு போட்டால் மூன்றும் ஒரே புள்ளியில் வந்து வெட்டிக்கொள்ளும். முக்கோணம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இது நடக்கும். பிரான்ஸில் நீம் நகரில் கணிதம் கற்பித்த வெக்டென் என்பவர் 1817-இல் இந்தப் படத்தை ஆராய்ந்து எழுதினார். அதனால் அந்தப் புள்ளிக்கு வெக்டென் புள்ளி என்று பெயர்.

இதைச் சர்வசம முக்கோணங்களைத் தேடிப் பிடித்தும் நிறுவலாம். ஆனால் எந்தத் துணைக்கோட்டை வரைவது என்று தோன்ற வேண்டும். குறுங்கோண முக்கோணத்துக்கு எழுதியது விரிகோண முக்கோணத்துக்கும் பொருந்துகிறதா என்று தனியாகப் பார்க்கவும் வேண்டும். கலப்பெண்களில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே கணக்கு எல்லா முக்கோணத்துக்கும் செல்லும். கவனம் தேவைப்படுவது ஒரே இடத்தில்தான்: எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதில். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான்.

படி 1: i என்றால் ஒரு திருப்பம்

தளத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கலப்பெண்ணாக எழுதுவோம். A என்ற புள்ளிக்கு a, B-க்கு b, இப்படி. (2, 4) என்ற புள்ளி 2 + 4i. A-யிலிருந்து B-க்குப் போகும் நகர்வு b − a. முடிவில் இருப்பதிலிருந்து தொடக்கத்தில் இருப்பதைக் கழிக்க வேண்டும். இது மாறினால் திசையும் தலைகீழாகிவிடும்.

ஒரு நகர்வை i-ஆல் பெருக்கினால் அதன் நீளம் மாறாது, திசை மட்டும் இடப்பக்கமாக 90 பாகை திரும்பும். 3 + 4i-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். i-ஆல் பெருக்கினால் −4 + 3i கிடைக்கிறது. இரண்டுக்கும் நீளம் 5, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. −i-ஆல் பெருக்கினால் அதே திருப்பம் வலப்பக்கமாக.

இதைத் திருப்பிப் படிப்பதுதான் நமக்கு வேண்டிய ஆயுதம். இரண்டு நகர்வுகளைக் கணக்கிட்டு, ஒன்று மற்றதன் i மடங்கு என்று காட்டிவிட்டால், அவை சம நீளமுள்ளவை, செங்குத்தானவை என்ற இரண்டு செய்திகளும் ஒரே வரியில் நிறுவப்பட்டுவிடும். 2i மடங்கு என்று வந்தால் செங்குத்து, நீளம் இரட்டிப்பு. வெறும் மெய்யெண் மடங்கு என்று வந்தால் இணை.

படி 2: மையத்தை எழுதுவது

முதலில் ஒரு வரிசையை முடிவு செய்துகொள்வோம். A, B, C என்ற வரிசையில் முக்கோணத்தைச் சுற்றி நடக்கும்போது முக்கோணத்தின் உட்புறம் நம் இடது கைப்பக்கம் இருக்கட்டும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கிறோம். அப்படியானால் வெளிப்புறம் எப்போதும் வலது கைப்பக்கம்.

B-யிலிருந்து C-க்கு நடக்கிறோம். BC-யின் நடுப்புள்ளி (b + c)/2. சதுரத்தின் மையம் அங்கிருந்து பக்கத்தில் பாதி நீளம் வெளியே தள்ளி இருக்கிறது. நடக்கும் நகர்வில் பாதி (c − b)/2, அதை வலப்பக்கம் திருப்ப −i-ஆல் பெருக்க வேண்டும். ஆகவே

p = (b + c)/2 − i(c − b)/2

மற்ற இரண்டுக்கும் எழுத்துகளைச் சுழற்றினால் போதும்: a-யின் இடத்தில் b, b-யின் இடத்தில் c, c-யின் இடத்தில் a.

q = (c + a)/2 − i(a − c)/2
r = (a + b)/2 − i(b − a)/2

பலர் q எழுதும்போது a − c என்பதற்குப் பதிலாக c − a என்று போட்டுவிடுவார்கள், அகர வரிசையில் எழுதிய பழக்கம். நடை C-யிலிருந்து A-க்கு என்பதை மறக்கக் கூடாது. இந்த ஒரு குறி மாறினால் அந்தச் சதுரம் மட்டும் உள்ளே விழுந்துவிடும்.

இப்படியே வைத்துக்கொண்டும் கணக்கைத் தொடரலாம், ஆனால் கை வலிக்கும். b-யையும் c-யையும் தனித்தனியாகச் சேர்த்தால் p என்பது b(1 + i)/2 + c(1 − i)/2 ஆகிறது. அந்த இரண்டு மாறிலிகளுக்கும் பெயர் வைத்துவிடுவோம்: k = (1 + i)/2, h = (1 − i)/2. அப்போது

p = kb + hc
q = kc + ha
r = ka + hb

k, h இரண்டைப் பற்றியும் நான்கே விஷயங்கள் தெரிந்தால் போதும்: k + h = 1, k − h = i, ih = k, ik = −h. நான்கையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள். இனி வரும் நிறுவல்களில் இவற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது.

படி 3: எண்களை வைத்து ஒரு முறை

நிறுவலுக்குள் போவதற்கு முன் ஒரு முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. A = 2 + 4i, B = 0, C = 6. A மேலே, B இடப்பக்கம், C வலப்பக்கம், ஆகவே வரிசை சரி. பரப்பு 12.

BC-யின் நடுப்புள்ளி 3. c − b = 6, அதில் பாதியை −i-ஆல் பெருக்கினால் −3i. எனவே p = 3 − 3i, BC-க்குக் கீழே. CA-யின் நடுப்புள்ளி 4 + 2i. a − c = −4 + 4i, அதில் பாதி −2 + 2i, −i-ஆல் பெருக்கினால் 2 + 2i. கூட்டினால் q = 6 + 4i. அதே வழியில் r = −1 + 3i.

இங்கே ஒரு சோதனை உண்டு, தவறாமல் செய்யுங்கள். பொதுவாகக் கூட்டினால் p + q + r = (k + h)(a + b + c) = a + b + c. நம் எண்களில் p + q + r = 8 + 4i, a + b + c-யும் 8 + 4i. இது வெறும் சோதனை மட்டுமல்ல, ஒரு தேற்றமும்கூட: மையங்களாலான முக்கோணம் PQR-க்கும் ABC-க்கும் நடுக்கோட்டு மையம் ஒன்றே. சோதனையாக இதன் பயன் என்னவென்றால், ஒரே ஒரு சதுரத்துக்குக் குறியை மாற்றிப் போட்டிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். P-யைத் தவறாக 3 + 3i என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 8 + 10i என்று வந்திருக்கும்.

படி 4: முக்கிய நிறுவல்

மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்று நேரடியாகக் காட்டுவது கலப்பெண்களில் அவ்வளவு சுகமான வேலை அல்ல. இரண்டு கோடுகளின் வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அது மூன்றாவதன் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணை எண்கள் உள்ளே வரும், வகுத்தல் வரும். அதைத் தவிர்க்க ஒரு சுற்றுவழி: AP என்ற கோட்டுக்கும் QR என்ற கோட்டுக்கும் என்ன உறவு என்று கேட்போம்.

நம் எண்களில் q − r = 7 + i, p − a = 1 − 7i. இரண்டாவதை i-ஆல் பெருக்கினால் i + 7. அதாவது முதலாவதேதான். ஆகவே ஊகம் q − r = i(p − a).

இப்போது பொதுவாக. இடப்பக்கம்:

q − r = kc + ha − ka − hb = kc − hb − (k − h)a = kc − hb − ia

வலப்பக்கம்:

i(p − a) = ikb + ihc − ia = −hb + kc − ia

இரண்டும் ஒன்றே. அவ்வளவுதான் நிறுவல்.

இதிலிருந்து என்ன கிடைக்கிறது? AP-யும் QR-உம் சம நீளம், ஒன்றுக்கொன்று செங்குத்து. எழுத்துகளைச் சுழற்றினால் BQ-யும் RP-யும் அப்படியே, CR-உம் PQ-வும் அப்படியே. தனியாக எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் p, q, r மூன்றும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. சிலர் கணக்கை எளிமையாக்குகிறேன் என்று தொடக்கத்திலேயே b = 0 என்று வைத்துவிடுவார்கள். இங்கே அது சிக்கனம் போலத் தெரியும், உண்மையில் நஷ்டம். சமச்சீர் உடைந்துவிடும், மூன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டி வரும்.

அப்புறம் முடிவு. P வழியாகச் செல்லும் AP என்ற கோடு QR-க்குச் செங்குத்து. அப்படியென்றால் அது முக்கோணம் PQR-இல் P-யிலிருந்து வரையப்படும் குத்துக்கோடு. BQ என்பது Q-விலிருந்து வரும் குத்துக்கோடு, CR என்பது R-இலிருந்து வருவது. எந்த முக்கோணத்திலும் மூன்று குத்துக்கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும். எனவே AP, BQ, CR மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. வெக்டென் புள்ளி என்பது PQR-இன் செங்கோட்டு மையம்தான்.

நம் எடுத்துக்காட்டில் AP-யின் சமன்பாடு y = 18 − 7x, BQ-வின் சமன்பாடு y = 2x/3. இரண்டும் (54/23, 36/23) என்ற இடத்தில் வெட்டுகின்றன. CR-இன் சமன்பாடு y = −3(x − 6)/7. அதில் x = 54/23 என்று போட்டால் y = 36/23 வருகிறது, சரி.

இந்த வாதத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அடைத்துவிடுவோம். P, Q, R உண்மையிலேயே ஒரு முக்கோணமாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்துவிட்டால் குத்துக்கோடுகள் இணையாகிவிடும், சந்திப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. PQR-இன் பரப்பை விரித்துக் கணக்கிட்டால், ABC-யின் பரப்போடு மூன்று பக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையில் எட்டில் ஒரு பங்கைச் சேர்த்தது என்று வரும். இரண்டும் நேர்மதிப்பு, ஆகவே பரப்பு பூச்சியமாக வாய்ப்பில்லை. நம் முக்கோணத்தில் பக்கங்களின் வர்க்கங்கள் 36, 32, 20. கூட்டினால் 88, எட்டால் வகுத்தால் 11. PQR-இன் பரப்பு 12 + 11 = 23. வெக்டென் புள்ளியின் ஆயங்களில் பகுதியாக வந்த 23-உம் இதுதான்.

கணினியில் சரிபார்க்க நினைப்பவர்களுக்குப் பைத்தான் போதும், அதில் கலப்பெண் மொழியிலேயே இருக்கிறது. i-க்குப் பதிலாக 1j என்று எழுத வேண்டும்.

```python
a, b, c = 2+4j, 0, 6
p = (b+c)/2 - 1j*(c-b)/2
q = (c+a)/2 - 1j*(a-c)/2
r = (a+b)/2 - 1j*(b-a)/2
print(p+q+r, a+b+c)
print(q-r, 1j*(p-a))
```

இரண்டு வரிகளிலும் இரண்டு எண்கள் ஒன்றாக வர வேண்டும். a, b, c-க்குத் தசம எண்கள் கொடுத்தால் கடைசி இலக்கத்தில் சின்ன வித்தியாசம் வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 5: ஒரே முனையைப் பற்றிய செய்தி என்றால்

எல்லாத் தேற்றமும் சமச்சீரானது அல்ல. A என்ற முனையில் இரண்டு சதுரங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. AB மேல் உள்ள சதுரத்தில் A-க்கு அடுத்த வெளி முனை D, CA மேல் உள்ளதில் A-க்கு அடுத்த வெளி முனை E. இப்போது ADE என்று ஒரு புது முக்கோணம் இரண்டு சதுரங்களுக்கும் இடையில் கிடைக்கிறது. BC-யின் நடுப்புள்ளி M என்றால், DE-யின் நீளம் AM-ஐப் போல இரண்டு மடங்கு, திசையும் அதற்குச் செங்குத்து. இதுதான் கூற்று.

இங்கே கதாநாயகன் A மட்டும்தான், அதனால் தயங்காமல் a = 0 என்று வைக்கலாம். A-யிலிருந்து B-க்கு நகர்வு b, வலப்பக்கம் திரும்பினால் d = −ib. C-யிலிருந்து A-க்கு நகர்வு −c, வலப்பக்கம் திரும்பினால் ic, ஆகவே e = ic. கழித்தால்

e − d = i(b + c) = 2i · (b + c)/2 = 2i · m

முடிந்தது. ADE-யின் பரப்பும் ABC-யின் பரப்பும் சமம் என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடலாம். AD-யின் நீளம் AB-யே, AE-யின் நீளம் AC-யே, இடைப்பட்ட கோணம் 180 பாகையிலிருந்து A-யின் கோணத்தைக் கழித்தது. சைன் மதிப்பு மாறாது. இதற்குக் கலப்பெண் தேவையே இல்லை. எல்லாவற்றையும் ஒரே கருவியால் செய்தாக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

இன்னொரு முனை ஜோடியை எடுத்தால் ஒரு புகழ்பெற்ற புதிர் வெளியே வருகிறது. இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவ் 1947-இல் வெளியிட்ட நூலில் ஒரு புதையல் கதை உண்டு. ஒரு தீவில் ஒரு தூக்குமரம், ஒரு ஓக் மரம், ஒரு பைன் மரம். தூக்குமரத்திலிருந்து ஓக் மரத்துக்கு அடிகளை எண்ணிக்கொண்டு நட, அங்கே வலப்பக்கம் திரும்பி அதே எண்ணிக்கை நடந்து ஒரு முளை அடி. மறுபடியும் தூக்குமரத்துக்கு வந்து பைன் மரத்துக்கு நட, இடப்பக்கம் திரும்பி அதே எண்ணிக்கை நடந்து இன்னொரு முளை. புதையல் இரண்டு முளைகளுக்கும் நடுவில். போய்ப் பார்த்தால் தூக்குமரம் மட்கி மறைந்துவிட்டது. என்ன செய்வது?

தூக்குமரம் A, ஓக் B, பைன் C என்று வையுங்கள். முதல் முளை b − i(b − a), இரண்டாவது c + i(c − a). A, B, C நம் வரிசையில் இருந்தால் இவை AB, CA மேல் உள்ள சதுரங்களில் B-யிலும் C-யிலும் இருக்கும் வெளி முனைகள். இரண்டையும் கூட்டினால் b + c + i(c − b). a காணாமல் போய்விட்டது! நடுப்புள்ளி (b + c)/2 + i(c − b)/2. எங்கிருந்து கிளம்பினாலும் புதையல் அதே இடம். நம் எடுத்துக்காட்டில் முளைகள் −4 + 2i, 10 + 4i. நடுப்புள்ளி 3 + 3i. அந்த எண்ணை முன்பே பார்த்தோம், P-யைத் தவறாக எழுதினால் கிடைக்கும் என்று. அது BC மேல் உட்புறமாக வரைந்த சதுரத்தின் மையம்.

படி 6: சதுரங்கள் உட்புறமாக இருந்தால்

வலது திருப்பத்துக்குப் பதில் இடது திருப்பம், −i-க்குப் பதில் i. அதாவது k-யும் h-உம் இடம் மாறிக்கொள்ளும்: p′ = hb + kc, மற்றவையும் அப்படியே. முன்பு செய்த கணக்கில் i வரும் இடமெல்லாம் −i என்று மாற்றி எழுதினால் q′ − r′ = −i(p′ − a). செங்குத்தும் சமமும் அப்படியே நிற்கின்றன. கோடுகள் சந்திக்கும் புள்ளிக்கு உள் வெக்டென் புள்ளி என்று பெயர்.

இதில் ஒரு விசித்திரம் கவனிக்க வேண்டும். முனைகளைத் தவறுதலாகக் கடிகாரத் திசையில் பெயரிட்டுவிட்டு, வெளிச் சதுரத்துக்கான சூத்திரத்தையே போட்டால் உங்களுக்குக் கிடைப்பது உட்புறச் சதுரங்கள். மூன்றும் சேர்ந்தே மாறுவதால் கூட்டுத்தொகைச் சோதனை தேறிவிடும், q − r = i(p − a) என்பதும் தேறிவிடும். இயற்கணிதம் இந்தத் தவறைக் காட்டவே காட்டாது. எண்களைப் போட்டு ஒரு மையத்தையாவது படத்தில் குறித்துப் பார்ப்பதுதான் வழி. படத்தைப் பார்க்க வசதியில்லை என்றால், b − a-யின் இணை எண்ணை c − a-ஆல் பெருக்கிக் கற்பனைப் பகுதியைப் பாருங்கள். நேர்மதிப்பு என்றால் வரிசை சரி. நம் முக்கோணத்துக்கு (−2 + 4i)(4 − 4i) = 8 + 24i. 24 நேர்மதிப்பு, பரப்பின் இரண்டு மடங்கும்கூட.

உட்புறத்தில் படி 4-இல் அடைத்த ஓட்டை மறுபடியும் திறந்துகொள்கிறது. பரப்புச் சூத்திரத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும். பக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை பரப்பின் எட்டு மடங்குக்குச் சமமாக இருந்தால் மூன்று மையங்களும் ஒரே கோட்டில் விழும். இருசமபக்கச் செங்கோண முக்கோணத்தில் அதுதான் நடக்கிறது. B = 0, C = 2, A = 1 + i என்று எடுத்தால் p′ = 1 + i, அதாவது A-யே. q′ = 1, r′ = 1, இரண்டும் BC-யின் நடுப்புள்ளியில் ஒன்றின் மேல் ஒன்று. q′ − r′ = −i(p′ − a) என்ற சமன்பாடு இங்கேயும் உண்மைதான், இரண்டு பக்கமும் பூச்சியம். ஆனால் AP′ என்று ஒரு கோடே இல்லை. BQ′, CR′ இரண்டும் BC-யின் மேலேயே கிடக்கின்றன. ஆகவே உட்புறச் சதுரங்களுக்குத் தேற்றத்தை எழுதும்போது இந்த விதிவிலக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.